5 கேபிள் அறுந்தும் வழக்கு ஏன் நிற்கவில்லை? ஈகிள் எஸ் தீர்ப்பு

உப்புக்காற்று:
2024 கிறிஸ்துமஸ் அன்று ஈகிள் எஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பின்லாந்து வளைகுடாவில் நங்கூரத்தைக் கடலடியில் இழுத்துக்கொண்டே சுமார் 90 கிலோமீட்டர் போனது நினைவிருக்கும். பின்லாந்துக்கும் எஸ்தோனியாவுக்கும் இடையே ஓடும் எஸ்ட்லிங்க் 2 மின்கேபிளும், கூடவே 4 தொலைத்தொடர்பு கேபிள்களும் போயின. பின்லாந்து அந்தக் கப்பலைத் தன் கரையோரக் கடலுக்குள் வரவைத்து, ஹெலிகாப்டரில் ஆட்களை இறக்கி நிறுத்தியது. கேப்டன் மீதும் இரண்டு அதிகாரிகள் மீதும் வழக்குப் போட்டது. ஆனால் 2025 அக்டோபரில் ஹெல்சிங்கி மாவட்ட நீதிமன்றம் "இதை விசாரிக்க எங்களுக்கு அதிகாரமில்லை" என்று வழக்கைத் தள்ளிவிட்டது. நிரபராதி என்றும் சொல்லவில்லை, குற்றவாளி என்றும் சொல்லவில்லை. இது எப்படி நடந்தது என்று எனக்குப் புரியவே இல்லை. கப்பல் கையில், ஆட்கள் கையில், நங்கூரத்தைக்கூடக் கடலடியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கேபிளுக்குச் சட்டப் பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?

சும்மா_ஒருவன்:
இல்லை என்பதுதான் பதில். கரையிலிருந்து 12 கடல் மைல் வரைதான் ஒரு நாட்டின் சட்டம். அதைத் தாண்டினால் சர்வதேசக் கடல், யாருக்கும் சொந்தமில்லை, யாரும் கேட்க முடியாது. கேபிள் அறுந்தது 12 மைலுக்கு வெளியே. கதை முடிந்தது.

கொடிமரம்:
சும்மா_ஒருவன், 12 மைல் கணக்கு சரி, "யாரும் கேட்க முடியாது" என்பது தப்பு. சட்டம் இருக்கிறது, ஆனால் அதை நடத்துகிற சாவி வேறொருவர் கையில் இருக்கிறது. அதுதான் இங்கே விஷயம்.

ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின் 113-ஆவது பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றோ, தண்டிக்கத்தக்க அளவு கவனக்குறைவாலோ கடலடிக் கேபிளையோ குழாயையோ உடைப்பதை எல்லா நாடுகளும் தங்கள் சட்டத்தில் குற்றமாக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் யாரை? தன் கொடி பறக்கும் கப்பலை, தன் அதிகாரத்துக்கு உட்பட்ட ஆட்களை. அடுத்தவன் கப்பலை அல்ல. ஈகிள் எஸ் குக் தீவுகளின் கொடியில் ஓடியது. ஆக, 113 பேசுவது குக் தீவுகளிடம், பின்லாந்திடம் அல்ல.

113 "திறந்த கடலுக்கு அடியில்" என்றுதானே சொல்கிறது, இது 12 மைலுக்கு வெளியே 200 மைல் வரை போகக்கூடிய பொருளாதார மண்டலம் ஆயிற்றே என்று யாராவது கேட்பீர்கள். 58-ஆவது பிரிவு 88 முதல் 115 வரையுள்ள பிரிவுகளைப் பொருளாதார மண்டலத்துக்கும் இழுத்துவருகிறது. அப்படி இழுத்துவரும்போது 97-உம் கூடவே வருகிறது. பின்லாந்து விழுந்தது அந்தக் குழியில்தான்.

97 என்ன சொல்கிறது? மோதலோ "கப்பல் ஓட்டத்தில் நேரும் வேறு சம்பவமோ" நடந்தால், கேப்டன் மீதும் ஊழியர் மீதும் குற்ற வழக்கு போட இரண்டே இடங்களுக்குத்தான் உரிமை: கப்பலின் கொடிநாடு, அல்லது அந்த ஆளின் சொந்த நாடு. கேபிள் அறுந்தது அப்படியொரு சம்பவம் என்று ஹெல்சிங்கி நீதிமன்றம் முடிவு செய்தது. அந்தக் கணமே பின்லாந்து வெளியே.

உப்புக்காற்று:
பாதிக்கப்பட்டது பின்லாந்து. பெயருக்குக் கொடி கொடுத்த ஒரு தீவுக்கூட்டம் வழக்குப் போடுமா? அவர்களுக்கு அதில் என்ன அக்கறை?

கொடிமரம்:
போடலாம், போடாமலும் இருக்கலாம். போடாவிட்டால் பின்லாந்து கடிதம் எழுதலாம், அவ்வளவுதான்.

97 ஏன் இப்படி வந்தது என்றால், 1926-இல் லோட்டஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் துருக்கிக் கப்பல் ஒன்றின் மீது மோதியது. துருக்கி பிரெஞ்சு அதிகாரியைப் பிடித்து விசாரித்தது. அடுத்த வருடம் அன்றைய சர்வதேச நீதிமன்றம் துருக்கி செய்தது தப்பில்லை என்றது. கப்பல்காரர்களுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒவ்வொரு துறைமுகத்திலும் பழைய விபத்துக்காகக் கைதாவோமோ என்ற பயம். அதன் பிறகு 1952-இல் ஒரு தனி ஒப்பந்தம் போட்டு, அதையே பின்னால் கடல் சட்டத்திலும் சேர்த்துக்கொண்டார்கள். மாலுமியைக் காப்பாற்றப் போட்ட வேலி அது.

சும்மா_ஒருவன்:
ஆனால் 2012-இல் கேரளக் கரைக்கு அப்பால் இத்தாலியக் கப்பலிலிருந்து சுட்டு இரண்டு மீனவர்கள் செத்தார்களே, அதுவும் 12 மைலுக்கு வெளியேதான். இந்தியா விசாரித்ததே. அப்போது 97 எங்கே போனது? பின்லாந்து நீதிமன்றத்துக்குத் துணிச்சல் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

கொடிமரம்:
நல்ல உதாரணம், ஆனால் அது உங்கள் முடிவுக்கு உதவாது. இத்தாலி அப்போது இதே 97-ஐத்தான் தூக்கிக்கொண்டு வந்தது. 2020-இல் நடுவர் மன்றம் அதை ஏற்கவில்லை. துப்பாக்கியால் சுடுவது கப்பல் ஓட்டத்தில் நேரும் சம்பவம் அல்ல, ஆகவே 97 பொருந்தாது என்றது. (கடைசியில் சுட்ட இத்தாலியக் கடற்படை வீரர்களுக்கு விலக்குரிமை உண்டு என்று சொல்லி இந்தியா குற்ற வழக்கை நிறுத்த வேண்டியதாயிற்று, அது வேறு காரணம்.) துப்பாக்கி கப்பலை ஓட்டும் கருவி அல்ல. நங்கூரம் கப்பலை ஓட்டும் கருவி. வித்தியாசம் அங்கே இருக்கிறது.

இன்னொன்று. 1956-இல் ஐ.நா.வின் சட்ட ஆணையம் இந்தப் பிரிவின் முன்வடிவுக்கு எழுதிய விளக்கத்திலேயே, தந்தி, தொலைபேசி, உயரழுத்த மின்கேபிளுக்கோ குழாய்க்கோ ஏற்படும் சேதத்தை இப்படிப்பட்ட சம்பவமாகக் கருதலாம் என்று எழுதிவைத்துவிட்டார்கள். அதைத் தாண்டி வேறு அர்த்தம் கற்பிப்பது ஒரு மாவட்ட நீதிபதிக்குச் சுலபமா?

தூரப்பார்வை:
எங்கள் வீட்டில் போன மாதம் மூன்று நாள் இணையம் நத்தை மாதிரி ஊர்ந்தது, கடலில் கேபிள் அறுந்துவிட்டது என்று சேவை மையத்தில் சொன்னார்கள். இந்த 113-ஆவது பிரிவை வைத்து நான் நஷ்டஈடு கேட்கலாமா? மாதக் கட்டணம் முழுசாக வாங்கிக்கொண்டார்கள்.

கொடிமரம்:
இல்லை. 113 நாடுகளுக்குச் சொல்வது, சந்தாதாரருக்கு அல்ல. உங்கள் சண்டை உங்கள் சேவை ஒப்பந்தத்தோடு.

வடக்கயிறு:
கேபிள் பழுதுபார்க்கும் கப்பலில் 9 வருடம் இருந்தேன். சட்டம் எனக்குத் தெரியாது, ஆனால் "வேண்டுமென்றா, கவனக்குறைவா" என்ற கேள்வி எங்கிருந்து பிறக்கிறது என்று கொஞ்சம் சொல்லலாம்.

கேபிள் போன உடனே கரை நிலையத்தில் ஒளித்துடிப்பை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை அளப்பார்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆகவே போய்வர 1 மில்லி விநாடி ஆனால் உடைப்பு 100 கிலோமீட்டர் தொலைவில். இந்தக் கணக்கில் இடம் தெரிந்துவிடும், அறுந்த நிமிடம் ஏற்கனவே தெரியும். அந்த நிமிடத்தில் அந்த இடத்துக்கு மேலே எந்தக் கப்பல் இருந்தது என்று தடப்பதிவைப் பார்த்தால் பெயரும் கிடைக்கும். நங்கூரம் அடியில் உழுகிறபோது கப்பலின் வேகம் இறங்கும், அதுவும் அந்தப் பதிவிலேயே தெரியும்.

அப்புறம் முனையைத் தூக்கிப் பார்ப்பது. ஒரு தடவை கொக்கி போட்டு மேலே கொண்டுவந்த முனையை இன்னும் மறக்கவில்லை. கேபிளைச் சுற்றியுள்ள இரும்புக் கம்பிகள் வெட்டுப்பட்ட மாதிரி இல்லை, ஜவ்வு மிட்டாயை இழுத்து அறுத்த மாதிரி நுனி மெலிந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளத்தில் விரிந்து நின்றன. அது இழுவையில் போனது. பாறையில் உராய்ந்து தேய்ந்ததென்றால் ஒரு பக்கம் மட்டும் மழுங்கிப் பளபளப்பாக இருக்கும். அடியில் ஆளில்லாக் கருவியை இறக்கினால் உழவுசால் மாதிரி கோடு தெரியும், அது கேபிளைத் தாண்டி எங்கே போகிறது என்றும் தெரியும்.

எந்தக் கப்பல், எப்போது, எப்படி என்பது வரை சொல்லிவிடலாம். நங்கூரத்தை யார் மனசு அறிந்து விட்டார்கள் என்பது மட்டும் கேபிளில் எழுதியிருக்காது.

மேல்தளம்:
நான் எண்ணெய்க் கப்பலில் டெக் வேலை. நங்கூரம் தானாக விழாது என்று இங்கே யாரும் எழுதுவதற்கு முன்னால் நானே சொல்கிறேன். கடலில் ஓடும்போது சங்கிலிக்கு மூன்று பிடி இருக்க வேண்டும். வின்ச்சின் பட்டை பிரேக், சங்கிலிக்குக் குறுக்கே விழும் ஸ்டாப்பர், அதற்கு மேல் கட்டுக்கம்பி. மூன்றும் சரியாக இருந்தால் புயலிலும் நகராது. ஆனால் பழைய கப்பலில் ஸ்டாப்பர் துருப்பிடித்து ஊசி உட்காராது, கம்பியைக் கட்டாமல் விட்டிருப்பார்கள், பிரேக் பட்டை தேய்ந்திருக்கும். அப்போது ஒரு பிரேக்கை மட்டும் நம்பி ஓடுவார்கள். அது வழுக்கினால் அவ்வளவுதான், நங்கூரத்தின் எடையே சங்கிலியை உருவிக்கொண்டு போய்விடும்.

அந்த மாதிரிக் கப்பல் 200 மீட்டருக்கு மேல் நீளம். ஓட்டும் அறை பின்கோடியில், நங்கூரம் முன்கோடியில். டிசம்பர் காற்றில் சங்கிலிச் சத்தம் அங்கே கேட்டிருக்காது, இதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேகம் இறங்குகிறது, எஞ்சின் திணறுகிறது, மணிக்கணக்காக அப்படியே போகிறது, அப்போது முன்னால் போய் ஒரு தடவை பார்க்காமல் இருந்தால் அது எனக்குக் கவனக்குறைவுதான். அரசுத் தரப்பும் இதைத்தான் சொன்னது. எதிர்த்தரப்பு வின்ச் கோளாறு என்றது.

உப்புக்காற்று:
அப்படியென்றால் இது "சம்பவமா"? 90 கிலோமீட்டர் இழுப்பது ஒரு சம்பவமா? மோதல் ஒரு கணம். இது அரை நாள் வேலை.

கொடிமரம்:
அதைத்தான் நானும் யோசிக்கிறேன். ஒருவன் திட்டம் போட்டு நங்கூரத்தை இறக்கியிருந்தால் அதை "நேரும்" சம்பவம் என்பது சரியா? என் கருத்து, சரியில்லை. ஆனால் திட்டம் என்று நிரூபித்தால்தான் 97 விலகும், 97 விலகினால்தான் விசாரித்து நிரூபிக்க முடியும் என்று வட்டமாகச் சுற்றுகிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. 97-இன் மூன்றாம் பத்தி, விசாரணைக்காகக்கூடக் கொடிநாட்டைத் தவிர வேறு யாரும் அந்தக் கப்பலைத் தடுத்துவைக்க ஆணையிடக் கூடாது என்கிறது. தடயம் எல்லாம் கப்பலில்தான் இருக்கிறது. மேல்தளம் சொன்ன தேய்ந்த பிரேக், உட்காராத ஊசி, எஞ்சின் பதிவு, எல்லாம். கப்பல் அடுத்த துறைமுகம் போவதற்குள் பிரேக் பட்டையை மாற்றிவிடலாம்.

சும்மா_ஒருவன்:
எப்படிப் பார்த்தாலும் கொடிநாடு செய்யாது, மற்றவன் செய்யக் கூடாது. நான் முதலில் சொன்னதுதான்.

கொடிமரம்:
கொடிநாடு செய்யவே செய்யாது என்று அடித்துச் சொல்லாதீர்கள். 2023 அக்டோபரில் இதே வளைகுடாவில் பால்டிக்கனெக்டர் எரிவாயுக் குழாயை நியூநியூ போலார் பேர் என்ற கப்பல் கிழித்தது. ஹாங்காங் கொடி. குழாய்க்குப் பக்கத்திலேயே 6 டன் நங்கூரம் கிடந்தது. மறு ஆண்டு சீனா, தங்கள் கப்பல்தான், புயலில் நடந்தது என்று ஒத்துக்கொண்டது. 2025-இல் அந்தக் கேப்டன் மீது ஹாங்காங்கிலேயே வழக்கு வந்தது. மெதுவாக, ஆனால் 113 நினைத்த வழியில்.

அதே சமயம் 113-ஐ நிறைவேற்றச் சட்டம் எழுதாத நாடுகள் பல. எழுதிய சிலரும் அப்படியே தூங்குகிறார்கள். அமெரிக்காவின் 1888-ஆம் வருடச் சட்டத்தைப் பாருங்கள், கவனக்குறைவால் கேபிளை அறுத்தால் அபராதம் அதிகபட்சம் 500 டாலர். வேண்டுமென்றே செய்தால் 5,000. தந்திக் காலத்துத் தொகை.

பழைய_மடி:
எல்லோரும் பெரிய கப்பலையே பேசுகிறீர்கள். இழுவை மடி வலைப் படகில் 20 வருடம் போன ஆள் நான். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

ஒரு நாள் விடியற்காலை மடி இழுத்துக்கொண்டிருந்தோம், திடீரென்று படகு நின்றுவிட்டது. பாறை என்றுதான் நினைத்தோம். வின்ச் போட்டு இழுக்க இழுக்கப் பின்பக்கம் தண்ணீரை நோக்கி இறங்குகிறது, அடியில் இருப்பது விடவில்லை, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருகிறது. பாறை மேலே வராது அல்லவா. படகை நடத்தும் ஸ்ராங்குக்கு அப்போதுதான் உறைத்தது, கேபிள் என்று. இன்னும் இழுத்தால் ஒன்று கேபிள் போகும், இல்லை படகு கவிழும். ரோப்பை வெட்டச் சொல்லிவிட்டார். மடி, இரண்டு பலகை, ரோப், எல்லாம் கடலோடு போனது. ஒரு சீசன் உழைப்பு.

கரையில் ஒருவர் சொன்னார், கேபிளைக் காப்பாற்ற மடியை விட்டால் கேபிள்காரர் காசு தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். எழுதிக் கொடுத்தோம். எங்கே வெட்டினீர்கள், எத்தனை மணிக்கு, கேபிள் குறித்த வரைபடம் படகில் இருந்ததா என்று கேட்டார்கள். இடத்தைக் குறித்துவைக்கவில்லை. வரைபடமும் இல்லை. ஒரு பைசா வரவில்லை. அப்படி ஒரு சட்டம் உண்மையில் உண்டா, இல்லை ஏமாற்றினார்களா?

கொடிமரம்:
உண்டு அண்ணே. 115-ஆவது பிரிவு. கேபிளையோ குழாயையோ சேதப்படுத்தாமல் இருக்க நங்கூரம், வலை, வேறு மீன்பிடிக் கருவி எதையாவது இழந்ததாக நிரூபித்தால் கேபிள் உரிமையாளர் ஈடு கொடுக்க வேண்டும். 1884 பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்தே இருக்கிற பழைய ஏற்பாடு. அந்தக் காலத்திலேயே, கரை சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் ஊழியர்களின் சாட்சியோடு அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தார்கள்.

ஆனால் கூடவே ஒரு நிபந்தனை, முன்கூட்டியே நியாயமான எச்சரிக்கை எல்லாம் எடுத்திருக்க வேண்டும். வரைபடத்தில் கேபிள் கோடு இருக்கிறது, அதைப் பார்க்காமலே அதன் மேல் மடி இழுத்தால் "நீயே போய் விழுந்தாய்" என்பார்கள். உங்களிடம் கேட்ட கேள்விகள் அதற்காகத்தான். அந்தக் கேபிள் வரைபடங்களில் ஏற்கனவே இருந்த பழையதா, இன்னும் வரைபடத்தில் ஏறாத புதியதா என்பதைப் பொறுத்து உங்கள் பக்கம் வலுவாகவும் இருந்திருக்கலாம். 12 மைலுக்கு உள்ளே என்றால் அந்தந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

பழைய_மடி:
14 மைல் இருக்கும். நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதுதானே பிரச்சினையே.

வடக்கயிறு:
ஸ்ராங்கு செய்தது ரொம்பச் சரி. கேபிளில் மாட்டிய மடியை இழுத்துக் கவிழ்ந்த படகுகள் உண்டு. அதிலும் நீண்ட தூரக் கேபிளில் ஒளியை வலுவூட்டும் நடுக்கடல் பெருக்கிகளுக்காக ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் ஓடும். மேலே தூக்கிக் கோடாலியால் வெட்டலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வெட்டின உடனே நேரத்தையும் இடத்தையும் கைபேசியிலாவது பதிந்துவிடுங்கள், மீதி ரோப்பின் வெட்டுமுனையைப் படம் எடுங்கள்.

உப்புக்காற்று:
கொடிமரம், ஒரு கேள்வி. அந்த வளைகுடா ரொம்பக் குறுகலாச்சே. இரண்டு பக்கமும் 12 மைல் போட்டால் நடுவில் இடமே இருக்காத பகுதிகள் இருக்குமே?

கொடிமரம்:
சரியான இடத்தில் கை வைத்தீர்கள். பின்லாந்தும் எஸ்தோனியாவும் 1990-களில் பேசிவைத்து, நடுக்கோட்டிலிருந்து ஆளுக்கு 3 மைல் தள்ளித் தங்கள் கடலை நிறுத்திக்கொண்டார்கள். அதனால் நடுவில் 6 மைல் அகலத்துக்குப் பொருளாதார மண்டலம் ஒரு நடைபாதை மாதிரி ஓடுகிறது. கப்பல்கள் தடையில்லாமல் போகட்டும் என்று அவர்களாகவே விட்ட இடம். அந்தப் பாதையை மூடினால் குறுகலான பகுதியில் கேபிள் முழுக்க யாராவது ஒருவரின் சொந்தக் கடலுக்குள் வந்துவிடும், அங்கே தங்கள் சட்டப்படி வழக்கு நடத்த வழி கிடைக்கும். ஆனால் மூடினால் மற்ற சிக்கல்கள் தொடங்கும். வளைகுடாவின் கோடியில் உள்ள ரஷ்யத் துறைமுகங்களுக்குக் கடலிலிருந்து போகிற ஒரே வழி அது. அதனால் அங்கே, கப்பல்களைத் தடுக்கக் கூடாது என்கிற ஜலசந்தி விதிகள் வருமா என்ற சண்டையும் வரும்.

சும்மா_ஒருவன்:
கரையிலிருந்து 200 மைல் வரைக்கும் கேபிளைச் சுற்றி "நங்கூரம் கூடாது" என்று நாடே ஒரு மண்டலம் போட்டுவிட்டால்? ஆஸ்திரேலியா அப்படித்தானே செய்தது?

கொடிமரம்:
ஆஸ்திரேலியா சிட்னிக்கும் பெர்த்துக்கும் வெளியே கேபிள் பாதுகாப்பு மண்டலம் வைத்திருப்பது உண்மை, 12 மைலைத் தாண்டியும் போகிறது. ஆனால் அந்த வெளிப்பகுதியில் வெளிநாட்டுக் கொடிக் கப்பலைத் தண்டிக்கும் அதிகாரம் எவ்வளவு என்பதில் மறுபடியும் இதே கேள்விதான். கோடு போட்டதால் 97 மறைந்துவிடாது. ஆனால் கோடு இருந்தால் "எனக்குத் தெரியாது" என்று சொல்வது கடினம், பழைய_மடி அண்ணனைக் கேட்ட அதே கேள்வியை அந்தக் கேப்டனையும் கேட்கலாம்.

தூரப்பார்வை:
குழாய்க்கும் இதே கதிதானா, இல்லை வேறா?

கொடிமரம்:
உடைத்தால் அதே 113, அதே 97. போடும்போதுதான் வித்தியாசம். கரையிலிருந்து நீளும் கடலடித் தரையான கண்டத்திட்டில் குழாய் எந்த வழியாகப் போகலாம் என்பதற்குக் கரைநாட்டின் சம்மதம் வேண்டும், கேபிளுக்கு அப்படி ஒரு வரி இல்லை. குழாய் உடைந்தால் மாசு, கேபிள் உடைந்தால் மௌனம்.

மேல்தளம்:
ஒன்று கேட்கிறேன், இங்கே யாரும் அதைப் பேசவில்லை. அந்த மூன்று பேரில் யாராவது தன் சொந்த ஊர் திரும்பியதும் அங்கே வழக்குப் போட்டால்? 97 அதை அனுமதிக்கிறது என்றீர்களே. நாளைக்கு என் கப்பலில் பிரேக் வழுக்கினால் நான் எந்த நீதிமன்றத்துக்குப் போவேன் என்று எனக்கே தெரியவில்லை.

கொடிமரம்:
உங்கள் பாஸ்போர்ட் எந்த நாடோ அங்கேயும் போகலாம், கொடி எந்த நாடோ அங்கேயும் போகலாம். உங்கள் நாட்டில் 113-க்கான சட்டம் எழுதப்பட்டிருந்தால். இல்லையென்றால் பொதுவான சொத்துச் சேதக் குற்றத்தை வைத்து இழுப்பார்கள், அது 12 மைலுக்கு வெளியே செல்லுமா என்று உங்கள் வக்கீல் கேட்பார்.

மேல்தளம்:
சரி. நாளைக்குப் புறப்படும் முன்னால் அந்த ஸ்டாப்பர் ஊசியை ஒரு தடவை நானே போய்த் தட்டிப் பார்த்துவிடுகிறேன்.